ஊர்ச் சாலைக்கு எத்தனை டன் தார்? நீளம், அகலம், கனம் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம்

போன மாதம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்ப்பா, நம்ம ஊர் ரோடு போட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு அரை கிலோமீட்டர் முடிஞ்சுது. பதினொரு டிப்பர் வந்துச்சு, நான் எண்ணினேன். இது போதுமா, கம்மியா? நீதான் கவர்மென்ட் புத்தகத்துல எழுதுறியே, கேட்டுச் சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. "ராத்திரிக்குள்ள சொல்றேன் சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். பிறகு சாலைப் பணிகளில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் போதும்.

முதலில், தார் என்பது எது?

நாம் 'தார் ரோடு' என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தார் என்பது நிலக்கரியிலிருந்து வருவது. இன்று சாலையில் போடுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சும் பிட்டுமின். நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது கிடைக்கிறது. மதிப்பீட்டிலும் பில்லிலும் 'பிட்டுமின்' என்றுதான் இருக்கும். இந்தக் கட்டுரையில் 'தார்' என்று வரும் இடமெல்லாம் அதுதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். டிப்பரில் கறுப்பாக வருவது முழுக்கத் தார் அல்ல. அது ஜல்லியும் கல்தூளும் தாரும் சூடாகக் கலந்த கலவை. அதில் தார் எடைக்கு எடை ஐந்து சதவீதம் சொச்சம்தான். எனவே முதலில் கலவை எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அதிலிருந்து தாருக்குப் போக வேண்டும்.

நான்கு படிகளில் கணக்கு

சித்தப்பா ஊர்ச் சாலையையே எடுத்துக்கொள்வோம். நீளம் 1 கிலோமீட்டர். தார்ப்பரப்பின் அகலம் 3.75 மீட்டர். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் பரவலாக உள்ள அகலம் இது. போக்குவரத்து குறைவான இடங்களில் 3 மீட்டரும் உண்டு. போடும் தளம் 'பிட்டுமினஸ் கான்கிரீட்'. மதிப்பீட்டில் கனம் 30 மில்லிமீட்டர்.

முதல் படி, பரப்பு. நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள்.
1000 × 3.75 = 3750 சதுர மீட்டர்

இரண்டாம் படி, கன அளவு. கனத்தை மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 30 மி.மீ. என்பது 0.03 மீட்டர். பலர் தவறுவது இங்கேதான். 0.3 என்று எழுதிவிட்டால் விடை பத்து மடங்கு ஆகிவிடும்.
3750 × 0.03 = 112.5 கன மீட்டர்

மூன்றாம் படி, எடை. ரோலர் ஓட்டி இறுகிய பிறகு இந்தக் கலவை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.3 முதல் 2.4 டன் இருக்கும். ஜல்லியைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். நாம் 2.35 என்று வைத்துக்கொள்வோம்.
112.5 × 2.35 = ஏறத்தாழ 264 டன் கலவை

நான்காம் படி, தார். 30 முதல் 40 மி.மீ. கனத்தில் போடும் பிட்டுமினஸ் கான்கிரீட்டில், மொத்தக் கலவை எடையில் குறைந்தது 5.4 சதவீதம் தார் இருக்க வேண்டும் என்பது சாலைப்பணி விதிமுறை.
264 × 5.4 ÷ 100 = ஏறத்தாழ 14.3 டன் தார்

இதைத் தவிர, புதுத் தளம் பழைய தளத்தோடு ஒட்டுவதற்கு முதலில் ஒரு மெல்லிய பூச்சு தெளிப்பார்கள். இது தண்ணீர் கலந்த தார்க் குழம்பு. பழைய தார்ச் சாலை மேல் சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ. 0.25 என்று வைத்தால் 3750 சதுர மீட்டருக்கு 940 கிலோ வரும். இது தனிக் கணக்கு, 14.3 டன்னில் சேராது.

பதினொரு டிப்பர் சொன்ன கதை

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். அரை கிலோமீட்டருக்கு மேலே சொன்னதில் பாதி, அதாவது 132 டன் கலவை வேண்டும். எடைச்சீட்டுப்படி அந்த வண்டிகளில் ஒன்றுக்குச் சுமார் 10 டன் கலவை. ஆக 13 லோடு வந்திருக்க வேண்டும். வந்ததோ 11.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கனமே தெரிந்துவிடும். 110 டன்னை 2.35-ஆல் வகுத்தால் 46.8 கன மீட்டர். அரை கிலோமீட்டரின் பரப்பு 1875 சதுர மீட்டர். 46.8-ஐ 1875-ஆல் வகுத்தால் 0.025. அதாவது 30 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 25 மி.மீ.

ஐந்து மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று எனக்கும் தோன்றியது. 1 கிலோமீட்டருக்கு அது 44 டன் கலவை. அதில் தார் மட்டும் 2.4 டன். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மெல்லிய தளம் சீக்கிரம் சூடு இறங்கிவிடும். சூடு போன கலவையை ரோலர் சரியாக இறுக்காது. இறுகாத இடத்தில் மழைநீர் இறங்கும், ஜல்லி பெயரும், அடுத்த ஐப்பசியில் பள்ளம் விழும்.

ராத்திரி இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப திருடுறாங்களா?" என்றார். "அவசரப்படாதீங்க. காலைல இன்ஜினியர்கிட்ட மதிப்பீட்டுல கனம் எவ்வளவுன்னு கேளுங்க. ரோலர் ஓடுறதுக்கு முன்னாடி எவ்வளவு வைக்கிறாங்கன்னும் கேளுங்க" என்றேன்.

காலையில் விஷயம் வெளிவந்தது. கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தில் 30 மி.மீ. வைத்திருந்தார்கள். ஆனால் மதிப்பீட்டில் சொல்லும் கனம், ரோலர் ஓட்டி இறுகிய பிறகு இருக்க வேண்டிய கனம். தளர்வாகப் பரப்பும் கலவை இறுகும்போது சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரை கீழே போகும். 30 கிடைக்க வேண்டுமானால் பரப்பும்போது 36 மி.மீ. அளவில் வைக்க வேண்டும். பொறியாளர் அங்கேயே அதை மாற்றச் சொன்னார். முந்தின நாள் போட்ட பகுதியில் மூன்று இடத்தில் துளைத்து எடுத்து அளந்தார்கள். வந்த கனம்தான் அளவுப் புத்தகத்தில் ஏறியது. மீதி அரை கிலோமீட்டருக்கு 13 லோடு வந்தது என்று சித்தப்பா அன்று மாலை போன் செய்தார்.

இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது?

எல்லா ஊர்ச் சாலையும் ஒரே வகை அல்ல. பல கிராமச் சாலைகளில் '20 மி.மீ. பிரிமிக்ஸ் கார்பெட்' போட்டு, மேலே மூடுபூச்சு போடுகிறார்கள். இந்தத் தளத்தில் ஜல்லிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் 2.35-ஆல் பெருக்கி 5.4 சதவீதம் எடுத்தால் தப்பான விடை வரும். இதற்குப் பரப்பை வைத்துத்தான் கணக்கு. 10 சதுர மீட்டருக்குத் தளத்தில் 14.6 கிலோ தார், மணல் கலந்த மூடுபூச்சில் 6.8 கிலோ. அதே 3750 சதுர மீட்டருக்கு இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 8 டன். ஆகவே உங்கள் சாலைக்கு எந்த வகைத் தளம் என்று தெரியாமல் "14 டன் எங்கே?" என்று கேட்டுவிடாதீர்கள்.

பழைய சாலை மேடு பள்ளமாக இருந்தால் முதலில் அதைச் சமன் செய்ய வேண்டும். அதற்கான கலவை மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கும். அதைப் புதுத் தளத்தோடு சேர்த்துப் பார்த்தால் லோடு கூடுதலாக வந்த மாதிரி தெரியும்.

நகரத்தில் இதே கனம் வேறு பிரச்சினை ஆகிறது. நான் குடியிருக்கும் மந்தைவெளித் தெருவில் வீட்டுக்காரம்மாவின் வாசற்படி மூன்றில் இரண்டு ரோட்டுக்குள் போய்விட்டது. பழையதைச் சுரண்டாமல் தளத்தின் மேல் தளமாகப் போட்டு வந்ததன் விளைவு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அங்கே போடும் கனத்தோடு சுரண்டிய ஆழத்தையும் கேட்க வேண்டும்.

பொதுமக்கள் என்ன பார்க்கலாம், எங்கே கேட்கலாம்?

வேலை நடக்கும்போது அகலத்தை டேப் பிடித்து அளக்கலாம். நூறு மீட்டருக்கு ஒரு முறை போதும். 3.75 மீட்டர் 3.5 ஆகிவிட்டால் கலவை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைந்துவிடும். லோடு எண்ணிக்கையோடு எடைமேடைச் சீட்டையும் பாருங்கள். டிப்பர் எல்லாம் ஒரே அளவு அல்ல, எனவே எண்ணிக்கை சந்தேகத்துக்குத்தான் உதவும், ஆதாரம் ஆகாது. சூடான கலவைக்கு அருகில் போக வேண்டாம். கனத்தைப் பொறியாளரை வைத்தே அளக்கச் சொல்லுங்கள்.

கலவையில் தார் 5.4 சதவீதம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து, கரைப்பானில் தாரைக் கரைத்துப் பிரித்து, ஆய்வகத்தில்தான் சொல்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே) இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆவண நகல் கேட்பதோடு, பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதில் உரிமை உண்டு. ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் மூன்றைக் கேட்டால் போதும்: மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை. கிராம சபையிலும் இதே மூன்றைக் கேட்கலாம். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டச் சாலைகளுக்கு 'மேரி சடக்' செயலியில் படத்துடன் புகார் பதியலாம்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

நீளம் 600 மீட்டர், அகலம் 3 மீட்டர், இறுகிய கனம் 30 மி.மீ., பிட்டுமினஸ் கான்கிரீட். கலவை எவ்வளவு, தார் எவ்வளவு?

விடை: 1800 சதுர மீட்டர், 54 கன மீட்டர், ஏறத்தாழ 127 டன் கலவை, 6.9 டன் தார். 10 டன் டிப்பர் என்றால் 13 லோடு.