நடு வரியில் ஒளிந்த பிழை

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் வேதியியல் நோட்டை நீட்டினாள். "டீச்சர் தப்புன்னு போட்டிருக்காங்க அப்பா. எங்கே தப்புன்னுதான் தெரியலை."

கேள்வி இதுதான்: 5.4 கிராம் அலுமினியம் ஆக்சிஜனில் முழுவதும் எரிந்தால் எத்தனை கிராம் அலுமினியம் ஆக்சைடு கிடைக்கும்? அவள் விடை 20.4 கிராம்.

வரிவரியாகப் பார்த்தேன். முதல் வரியில் கிராமை மோலாக்கியிருந்தாள்: 5.4 ÷ 27 = 0.2 மோல். சரி. கடைசி வரியில் ஆக்சைடின் மோலை 102-ஆல் பெருக்கியிருந்தாள். அதுவும் சரி, இரண்டு அலுமினியத்துக்கு 54, மூன்று ஆக்சிஜனுக்கு 48. பிழை நடு வரியில் இருந்தது. 0.2 மோல் உலோகத்துக்கு 0.2 மோல் ஆக்சைடு என்று எழுதிவிட்டாள்.

4Al + 3O₂ → 2Al₂O₃

நான்கு மோலுக்கு இரண்டு மோல், அதாவது பாதி. ஆகவே 0.1 மோல், விடை 10.2 கிராம்.

"டீச்சர் சொல்லாமலே இதை நான் கண்டுபிடிச்சிருக்க முடியுமா?" என்றாள்.

முடியும். விடையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 102 கிராம் ஆக்சைடில் 54 கிராம் அலுமினியம் இருக்கிறது. அப்படியானால் 20.4 கிராமில் 10.8 கிராம் இருக்கும். நாம் எடுத்ததோ 5.4 தான்! எடை கூடுவதில் தவறில்லை, ஆக்சிஜன் வந்து சேர்கிறது. ஆனால் அலுமினியம் கூடாது. 10.2 கிராமில் சரியாக 5.4 வருகிறது.

ஒன்றை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அணு எடை 27-க்குப் பதில் அணு எண் 13-ஐ எல்லா வரியிலும் போட்டிருந்தால், பின்னோக்கிப் போனாலும் 5.4 தான் வரும். அதனால் அணு எடையை முதலில் அட்டவணையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.