ஆசிரியர் வராத வகுப்புகள்: புகார் எழுதும் முறை

சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் வேலூர், ஆம்பூர் வட்டார மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். விரிவுரையாளர் காரணம் சொல்லாமல் அடிக்கடி வகுப்புக்கு வராவிட்டால், அவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் யுஜிசி குறைதீர்ப்பு விதிகள் வழிகாட்டுகின்றன.

புகாரின் பலம் தேதிகளில்தான் இருக்கிறது. “சார் வருவதே இல்லை” என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவால் எதையும் சரிபார்க்க முடியாது. “செவ்வாய் மூன்றாம் பீரியட், ஜூலை மாதம் நான்கு வாரமும் நடக்கவில்லை, மாற்று ஆசிரியரும் வரவில்லை, இரண்டாம் யூனிட் தொடங்கவில்லை” என்று எழுதினால், கால அட்டவணையையும் வருகைப் பதிவேட்டையும் வைத்து ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும்.

புகார் எழுதும் முன் துறைத்தலைவரிடம் கேட்பது நல்லது. மருத்துவ விடுப்போ தேர்வுப் பணியோ காரணமாக இருக்கலாம். ஊகங்களை எழுதவே வேண்டாம். பொய்ப் புகார் என்று தெரிந்தால் நடவடிக்கைக்கு விதியில் இடமுண்டு.

புகாரில் விடுபட்ட வகுப்புகளை ஈடுசெய்யுமாறு கேட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வாங்க வேண்டும். குழு 15 வேலை நாள்களில் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.