799 ரூபாய் எங்கே போனது?

செந்தில் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு கூரியர் கிளைக்கு டெலிவரி ஓட்டுகிறார். இரவு எட்டரைக்கு வசூல் தாளைக் கேஷியரிடம் நீட்டுகிறார். தாளில் கூட்டுத்தொகை 7,916 ரூபாய், எண்ணிப் பார்த்தால் கையில் 7,117. குறைவது 799.

"தம்பி, இப்ப போட்டுட்டுப் போயிரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார் கேஷியர். செந்திலும் பர்ஸை எடுத்துவிட்டார்.

எடுக்கவே கூடாது. தாள் அவர் கையால் எழுதியது, அதிலேயே பிழை இருக்கலாம். மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது: ஆப்பில் 'டெலிவர்டு, கேஷ்' என்று பதிவான ஆர்டர்களின் கூட்டுத்தொகை. அன்று அது 8,366.

தாளையும் பணத்தையும் மட்டும் ஒப்பிட்டால் 799 வருகிறது. அந்தத் தொகைக்கு ஓர் ஆர்டர்கூட இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க, தாளை ஆப்போடும் பணத்தை ஆப்போடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

தாளுக்கும் ஆப்புக்கும் வித்தியாசம் 450. இது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் வரும். வேறு பிழையிலும் தற்செயலாக வரலாம் என்பதால் இது ஒரு தடயம் மட்டுமே. வரிவரியாகப் பார்த்ததில் 720 ரூபாய் ஆர்டர் தாளில் 270 ஆக இருந்தது.

பணத்துக்கும் ஆப்புக்கும் வித்தியாசம் 1,249. அச்சாக அதே தொகைக்கு ஓர் ஆர்டர் இருந்தது. அந்த வாடிக்கையாளர் கம்பெனி கியூஆரை ஸ்கேன் செய்து கட்டியிருக்கிறார். செந்தில் அவசரத்தில் 'கேஷ்' பட்டனை அழுத்திவிட்டார். வாடிக்கையாளருக்குப் போன் செய்து, அவர் யுபிஐ ஆப்பில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்கினால் போதும். ஆர்டர் எண்ணோடு சேர்த்துக் கேஷியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'கேஷ்' பதிவை மாற்றச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் மறுநாள் ஷிஃப்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

பையிலிருந்து 799 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணமும் தாளும் ஒத்துப்போயிருக்கும். ஆனால் ஆப் கணக்குப்படி இன்னும் 450 பாக்கி நின்றிருக்கும். கட்டத் தேவையே இல்லாத பணத்துக்கு இரண்டு முறை பதில் சொல்லியிருப்பார்.

வாடிக்கையாளர் உங்கள் சொந்த நம்பருக்குப் பணம் போட்டிருந்தால் கதை வேறு. அது நீங்கள் ஒப்படைக்க வேண்டிய பணம்தான். அன்றே சொல்லிக் கட்டிவிடுங்கள்.

கணக்கு அன்றிரவே தீராவிட்டால், பற்றாக்குறைச் சீட்டில் வெறும் கையெழுத்து வேண்டாம். "சரிபார்ப்பில் உள்ளது" என்று எழுதி, தேதி போட்டு, படம் எடுத்து வையுங்கள். சம்பளத் தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பார்சலுக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு ஓடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை. அவர் சீட்டில் எழுதுவதை இன்னும் கவனமாக எழுத வேண்டும்.