கேமரா பொய் சொல்லாதாம்! அதன் கடிகாரம்?

"கேமரா பொய் சொல்லாது சார்." கண்காணிப்புக் கேமரா பழுது பார்க்கப் போகும் ஊரிலெல்லாம் இந்த வாக்கியம் காதில் விழுகிறது. கடைக்காரர், சங்கத் தலைவர், பஞ்சாயத்துப் பேசவந்த பெரியவர், எல்லாரும் இதையே சொல்கிறார்கள். படம் பொய் சொல்லாது, சரி. படத்தின் மூலையில் ஓடும் நேரத்தையும் யார் உங்களுக்கு வேதவாக்கு ஆக்கியது? அந்த எண்களைக் கேமரா பார்த்து எழுதுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கடிகாரம் சொல்வதை அப்படியே படத்தின்மேல் ஒட்டுகிறது. கடிகாரம் தப்பினால் ஒட்டுவதும் தப்பு.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கடையில் நடந்ததைச் சொன்னால் புரியும். வைண்டிங்குக்கு வைத்திருந்த காப்பர் கம்பிச் சுருள்கள் ஒரு விடியற்காலையில் பின்வாசல் வழியாகப் போய்விட்டன. முதலாளி பதிவைப் போட்டுப் பார்த்தார். இராக்காவலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது திரையில் 4:13. பின்வாசலில் இரண்டு பேர் நுழையும்போது 4:31. காவலருக்கு 5 மணி வரை வேலை.

"அஞ்சு வரைக்கும் இருக்க வேண்டியவன் நாலே காலுக்கே கெளம்பிட்டியே! இதோ, கேமராவே சொல்லுதே."

"அஞ்சு ஆனப்புறந்தான் முதலாளி போனேன். வேணும்னா அந்த ராத்திரி முழுக்க நானே ஒருவாட்டி பார்க்கிறேன்."

அந்த மனிதர் கேட்டது நியாயம்தான். ஒப்புக்கு உட்காரவைத்தார்கள். அவர் திருடனைத் தேடவில்லை, தன்னைத் தேடினார். ரோந்து வந்த போலீஸார் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடும் காட்சி வந்தது. திரையில் 1:23. புத்தகத்தைப் புரட்டினார். அதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் 2:10 என்று எழுதியிருந்தது. அடுத்து, கிளம்புவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போன் பேசும் காட்சி. திரையில் 4:09, போனின் அழைப்புப் பட்டியலில் 4:56. இரண்டு இடத்திலும் கணக்குப் போட்டால் அதே 47 நிமிடம். அப்படியானால் 4:13 என்பது 5 மணி. திருட்டு நடந்தது 5:18க்கு, அவர் வேலை முடிந்து போன பிறகு.

இரண்டு இடத்தில் ஒத்துப் பார்த்தாரே, அதுதான் இதில் சாமர்த்தியம். ஓர் இடத்தில் மட்டும் பார்த்திருந்தால், இடையில் கடிகாரம் குதித்திருக்கலாம் என்று யாராவது வாதாடலாம். சம்பவத்துக்கு முன்னும் பின்னும், அல்லது இயன்ற அளவு அதற்கு நெருக்கமாக, வெளிச்சாட்சி இரண்டு கிடைத்து வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் அந்த இரவின் கணக்கு உறுதி. போன் நல்ல சாட்சி, ஏனென்றால் அது பெரும்பாலும் செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்குகிறது.

47 நிமிடம் எப்படித் தொலைந்தது? பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி செத்திருந்தது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அந்த 3 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் சில பெட்டிகள் 2000-ஆம் ஆண்டுக்கோ 1970-க்கோ போய்விடும். அப்படிப் போனால் நல்லது, உடனே கண்ணில் படும். சில பெட்டிகள் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்தே திரும்ப ஓடத் தொடங்கும். இந்தப் பெட்டி அந்த ரகம். முந்தைய வாரப் பதிவில் ஒரு மாலைநேரம் இதைக் காட்டிக்கொடுத்தது. ஒரு நொடியில் தெருவில் வெயில், அடுத்த நொடியில் தெருவிளக்கு எரிகிறது. நேரமோ இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. இன்வெர்ட்டர் தீர்ந்து பெட்டி அணைந்து கிடந்த முக்கால் மணி நேரம் அதன் கணக்கிலேயே இல்லை.

மிச்சமிருந்த நிமிடங்கள் மெல்ல மெல்லக் கரைந்தவை. கடிகாரத்தின் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். சாதாரண ரகத்தில் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவு பிசகு சகஜம். அது நாளைக்கு 2 நொடிக்குள்தான், ஆனால் ஆண்டுக்குப் பத்து நிமிடம் ஆகிவிடும். தகரக் கூரைக்கடியில் பரண்மேல் பெட்டியை வைத்தால் சூட்டில் இன்னும் மெதுவாகும்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

"நெட் கொடுத்துட்டோம், நேரம் தானா சரியாயிடும்." ஆகாது. அமைப்பில் NTP என்பதை இயக்க வேண்டும், சர்வர் இடத்தில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் time.nplindia.org போன்ற ஒன்றைத் தர வேண்டும். நேர மண்டலம் GMT+05:30 ஆக இருக்க வேண்டும். சீன நேரமான GMT+08:00 அப்படியே இருந்தால், நெட் இருந்தும் இரண்டரை மணி நேரம் தப்பும்.

"யூ.பி.எஸ். இருக்கே." அது கரண்ட் தரும். குவார்ட்ஸைத் திருத்தாது.

"நேரம் தப்புன்னா பதிவே செல்லாது." இதுவும் தவறு. எவ்வளவு தப்பு என்று நிறுவ முடிந்தால் பதிவுக்கு மதிப்பு உண்டு.

"ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் கொடுத்துட்டோம், இனி கேள்வியே இல்லை." 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. ஹாஷ் சொல்வது நகல் மாறவில்லை என்பதை மட்டுமே. தப்பான நேரமும் மாறாமல் அப்படியே இருக்கும். கருவி ஒழுங்காக இயங்கியது என்று கையெழுத்துப் போடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போட வேண்டாமா? இந்தச் சான்றிதழ் பற்றிய முக்கியமான தீர்ப்பை 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த வழக்கே நேரத்தைப் பற்றியதுதான். மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014 செப்டம்பர் 27 அன்று வேட்புமனு பிற்பகல் 3 மணிக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதற்குத் தேர்தல் அலுவலகத்தின் வீடியோவைத்தான் பார்த்தார்கள். ஒரு சட்டமன்ற இடமே கடிகாரத்தில் தொங்கியது.

கடிகாரம் தப்பு என்று தெரிந்தால் உடனே திருத்தப் பாய்கிறீர்கள். அதுதான் பெரிய கேடு. முதலில் போனின் சரியான நேரமும் திரையின் நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். வித்தியாசத்தைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். வேண்டிய பதிவை வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்க் நிறைந்தால் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். அதற்குப் பிறகு பேட்டரியை மாற்றி நேரத்தைத் திருத்துங்கள். முன்பே திருத்திவிட்டால் 47 நிமிடம் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போகும்.

முதலாளிமாருக்கு ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை போனையும் திரையையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுத அரை நிமிடம் போதும். அந்த நோட்டை இராக்காவலர் கையில் கொடுங்கள். வந்த நேரம், போன நேரம், கரண்ட் போன நேரம், பெட்டி அணைந்த நேரம், எல்லாவற்றையும் அவரே எழுதட்டும். அவர்மேல் குற்றம் சொல்வதற்கு முன் அவரையும் உட்காரவைத்துப் பதிவு முழுவதையும் காட்டுங்கள். அவர் சம்பளத்தைப் பிடிக்கவும் வேலையைப் பறிக்கவும் ஒரு செத்த பொத்தான் பேட்டரிக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.