‘பாப்பம்’ என்று சொன்னால் மறுப்பு என்று எடுக்காதீர்கள்

நாவற்குடாவிலிருந்து ரொறன்ரோ வந்து மூன்று மாதமான இளைஞர் ஒருவர். மட்டக்களப்பில் நிதி நிறுவனமொன்றில் நான்கு வருடம் கணக்குப் பார்த்தவர். ஸ்காபரோவில் வளர்ந்து, காப்புறுதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவரை உறவினர் மூலம் கோப்பிக் கடையில் சந்தித்தார். எழும்பும் நேரம் கேட்டார்: “தங்கச்சி, உங்கட கம்பனியில எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாங்களன்.” அவர் சிரித்தபடி, “சரி அண்ணா, பாப்பம்” என்றார்.

இளைஞர் வீட்டுக்கு வந்து, “அது சரிவராது, பாப்பம் எண்டுட்டா” என்றார். ரெசுமேயை அனுப்பவில்லை. அந்தப் பெண்ணோ இரண்டு கிழமையாக அதற்காகக் காத்திருந்தார்.

ஊரில் ‘பாப்பம்’ என்பது முகம் முறியாமல் இல்லை என்று சொல்லும் வழி. கனடாவில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லுக்குள் அப்படியொரு மறைபொருள் தெரியாது. பார்க்கிறேன் என்றால் பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே சந்தித்து இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லி, ரெசுமேயையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அது கரைச்சல் கொடுப்பது ஆகாது.

கேட்ட விதத்திலும் பிழை உண்டு. அந்தப் பெண்ணால் வேலை ‘எடுத்துத் தர’ முடியாது. ஆளெடுப்பது அவர் கையில் இல்லை. அவரால் முடிந்தது ரெஃபரல்: நிறுவனத்தின் உள்தளத்தில் உங்கள் பெயரைப் பதிந்து, இவரை எனக்குத் தெரியும் என்று இரண்டு மூன்று வரி எழுதுவது. அதற்கு முதலில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்களுக்குப் பொருந்தும் வெற்றிடத்தைத் தேடி, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே விண்ணப்பித்துவிடாதீர்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பத்துக்கு முன் பதிந்த ரெஃபரல்தான் கணக்கில் வரும். எண்ணைக் கொடுத்து, “முதலில் என் ரெசுமேயைப் பாருங்கள். பொருந்தும் என்று பட்டால் பரிந்துரைக்க முடியுமா?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் மறுக்கவும் அவருக்கு இடமிருக்கும். அந்த இடம் இருப்பதால்தான் மனம்விட்டுப் பேசுவார்.

அந்த இரண்டு வரியை எழுத அவருக்குச் சரக்கு வேண்டும். நம் இளைஞரின் ரெசுமேயில் ‘கணக்கு வேலைகள்’ என்று மட்டும் இருந்தது. பிறந்த திகதி, புகைப்படம், அடையாள அட்டை எண், கலியாணம் ஆனவரா என்பதெல்லாம் முதல் பக்கத்தை நிரப்பியிருந்தன. கனடாவில் இவை ஒன்றும் தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டு, மாதம் எத்தனை வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்தார், எந்த மென்பொருளில் பதிந்தார், கணக்காய்வாளருக்கு எதைத் தயாரித்துக் கொடுத்தார் என்று எழுத வேண்டும்.

“கனடா அனுபவம் இல்லாமல் கஷ்டம்” என்று அந்தப் பெண் சொல்லக்கூடும், தன் பெற்றோர் பட்ட பாட்டை வைத்து. ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனம் பொது விளம்பரத்தில் கனடா அனுபவத்தை நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. இதை அவருக்குச் சொல்லலாம். ஆனால் நேர்முகத்தில் உங்கள் அனுபவத்தை நீங்களேதான் விளக்க வேண்டும்.

இனி, பேச்சு. “எந்த ஊர்? அப்பா எந்தப் பகுதி?” என்று நாம் தொடங்குவது சொந்தம் தேடித்தான். மட்டக்களப்பார் குடியை விசாரிப்பதுண்டு. கனடாவில் வளர்ந்தவர்களில் பலர் ஊர் கேட்பதைச் சாதி விசாரிக்கும் தந்திரமாகவே வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். முதல் சந்திப்பில் அதைத் தவிருங்கள். சம்பளத்தையும் கலியாணத்தையும் கூட. “இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?” என்று கேட்டால் ஊரும் குடும்பமும் தானாக வரும்.

உங்களைவிட இளையவர் திடீரென்று “நீ எப்ப வந்தனீ?” என்று கேட்டால் கோபிக்காதீர்கள். வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, தாயும் தகப்பனும் தன்னை ‘நீ’ என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கும். மரியாதைக் குறைவு அல்ல, கேட்டுப் பழகிய வடிவம் அது. ‘மறுகா’ என்ற நம் சொல்லும் அவருக்கு விளங்காமல் போகலாம். ‘பிறகு’ என்று சொல்லிவிடுங்கள். விளங்காததற்கெல்லாம் நீங்கள் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டினால், உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்று அவர் நினைப்பார்.

கனடாவில் வளர்ந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வந்தவரிடம் ‘பாப்பம்’ என்று முடிக்காதீர்கள். “வெள்ளிக்கிழமைக்குள் ரெசுமேயை இந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்” என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.