தனிக்கணக்கு

சென்னை நிறுவனம் தருவது மாதம் 90,000 ரூபாய்; மதுரை அறக்கட்டளை தருவது 30,000. கல்விக்கடன் தவணை 12,000, வீட்டு வாடகை 9,000 போக, அதில் எஞ்சுவது 9,000.

“கடன் தீர எத்தனை ஆண்டு, அம்மா?” என்றார் தந்தை.

“இங்கு ஐந்து ஆண்டு, அப்பா. அங்கே இரண்டே.”

நேர்காணலன்று புரட்டிய பேரேடு அவள் நினைவை விட்டகலவில்லை. மாணவர் உதவித்தொகைக்கென வந்த நன்கொடையில் 40,000 ரூபாய், அலுவலக வாடகைக்குச் சென்றிருந்தது. களவன்று; எல்லா நன்கொடையையும் ஒரே தலைப்பில் எழுதியதன் விளைவு. ஆயினும் கொடுத்தவர் குறித்த நோக்கம் மீறப்பட்டிருந்தது. கல்லூரிக் கட்டணத்திற்கு நால்வர் காத்திருந்தனர்.

இரவு அறக்கட்டளைக்கு எழுதினாள்: “பணியேற்கிறேன். உதவித்தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். 40,000 ரூபாயைக் கட்டண நாளுக்குள் அதில் திருப்பிச் செலுத்த வேண்டும்.”

தந்தை வாடகைச் சீட்டை எடுத்து மடித்து வைத்தார்.