ஏசிக்காக யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை

நம்பிக்கை: நோட்டீஸில் எவ்வளவு வசதிகளை அடுக்குகிறோமோ அவ்வளவு அட்மிஷன் வரும்.

மே மாதம் பிறந்தால் போதும், டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரே பட்டியலை நீட்டுகிறார்கள்: ஏசி வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, சிசிடிவி கேமரா, அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள், தனிக்கவனம், வாரத் தேர்வு. மேலே உள்ள சென்டர் பெயரை அடித்துவிட்டு அடுத்த தெரு சென்டரின் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அப்படியானால் அந்த நோட்டீஸ் உங்களுக்காக எதையும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலோடு வந்த ஒருவரிடம் ஒவ்வொரு வரிக்கும் "அதனால?" என்று கேட்டேன். பத்தாம் வகுப்புக்கு மாலையில் டியூஷன் எடுப்பவர்.

"வாரத் தேர்வு. அதனால?"

"பையன் எப்படிப் படிக்கிறான்னு தெரியும் சார்."

"யாருக்கு, எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை டெஸ்ட். திங்கக்கிழமை பேப்பரைத் திருத்திக் கையில குடுத்துருவோம். வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

நோட்டீஸில் இருந்திருக்க வேண்டியது இதுதான். ரேங்க் கார்டு வருகிறவரை பிள்ளையின் நிலைமை தெரியாமல் தவிக்கும் அம்மாவுக்கு, "சனிக்கிழமை எழுதிய டெஸ்ட் பேப்பர், திருத்தப்பட்டு திங்கள் இரவு உங்கள் கையில் இருக்கும்" என்ற வரி உடனே புரியும். "வாரத் தேர்வு" என்றால், அதுதான் பள்ளியிலேயே வைக்கிறார்களே என்று தாளை மடித்துவிடுவார்.

கணக்குப் பாடத்துக்கும் இதே கதை. அவர் எழுதியிருந்தது "கணிதத்தில் சிறப்புப் பயிற்சி". தோண்டிக் கேட்டால், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு செய்முறை வடிவியலும் ஒரு வரைபடமும் பிள்ளைகளைப் போட வைக்கிறாராம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இந்த இரண்டு கேள்விக்கும் எட்டெட்டாக 16 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கென்றால் நடுங்கும் பையனின் அப்பாவுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? "வெள்ளிதோறும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம். 16 மார்க்குக்கான பயிற்சி" என்று மாற்றினோம். 16 மார்க்கும் கட்டாயம் வரும் என்று எழுதவில்லை. பயிற்சி அவர் கையில், மார்க் பையன் கையில். "அதனால?" என்று கேட்டுக்கொண்டே போகிறவர்கள் இந்த எல்லையில் நின்றுவிட வேண்டும்.

தாண்டினால் எதிர்ப்பக்கச் சாக்கடையில் விழுவீர்கள்: "உங்கள் குழந்தையின் ஒளிமயமான எதிர்காலம்". பலனைச் சொல்லச் சொன்னால் வசதியை அடியோடு வெட்டிவிட்டு இப்படி வானத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியைச் சொல்லாமல் 16 மார்க்கை மட்டும் சொன்னால் எவர் நம்புவார்? வசதிதான் பலனுக்குச் சாட்சி.

சிசிடிவியை "வகுப்பு எட்டு மணிக்கு முடியும், பிள்ளை கிளம்பியதும் உங்கள் போனுக்குத் தகவல் வரும்" என்று மாற்றினோம். கேமராவைவிட அந்தத் தகவல்தான் பெண் பிள்ளையின் அம்மாவுக்கு வேண்டும். "தனிக்கவனம்" போய், "ஒரு பேட்ச்சில் 12 பேர்தான்" என்பது வந்தது. ஏசிக்கு எத்தனை முறை "அதனால?" கேட்டும் உருப்படியான பதில் வரவில்லை. எடுத்துவிட்டோம். அவருக்கு வருத்தம்தான், தவணை கட்டுகிறவர் ஆயிற்றே.

நம்பிக்கை: "100% தேர்ச்சி உத்தரவாதம்" என்று போட்டால் கூட்டம் வரும்.

கூடவே வம்பும் வரும். பயிற்சி மையங்கள் இப்படி உத்தரவாதம் தரக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு. நம்மிடம் 30 பேர்தானே என்று சிரிக்க வேண்டாம். ஏமாற்று விளம்பரத்தைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தலைகளை எண்ணுவதில்லை.

நம்பிக்கை: ஆங்கிலத்தில் அடித்தால்தான் மதிப்பு.

வீட்டில் அந்தத் தாளை யார் படிப்பார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம்பிக்கை: கட்டணத்தைப் போட்டால் ஓடிவிடுவார்கள்.

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கட்டணம் இல்லாத நோட்டீஸைப் பார்த்து வரும் அழைப்பில் முதல் கேள்வியே "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான்; பதில் கேட்டதும் பலர் போனை வைத்துவிடுவார்கள். மாதக் கட்டணம், அது எந்தெந்தப் பாடத்துக்கு, தேர்வுத்தாளுக்குத் தனிக் காசு உண்டா, நடுவில் நின்றால் முன்பணம் திரும்புமா என்ற நான்கையும் போன் நம்பருக்கு மேலேயே அச்சடியுங்கள். அச்சடித்த பிறகு வரும் அழைப்புகளில் முதல் கேள்வியைக் குறித்து வையுங்கள். "எப்போ வந்து பார்க்கலாம்?" என்று கேட்பவர்கள் கூடினால் நோட்டீஸ் வேலை செய்கிறது. இன்னமும் "ஃபீஸ் எவ்வளவு?" என்றே கேட்டால், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.